மொட்டை மாடியை டவருக்கு வாடகைக்கு விடுமுன்: வாடகை, காலம், வெளியேறும் வழி

மாடியில் செல்போன் டவர் வைக்கக் கேட்டு ஒருவர் வந்தால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது மாத வாடகை எவ்வளவு என்பதை. அடுத்ததாகக் கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒப்பந்தம் போட்டுப் பத்து வருடம் கழித்து வக்கீலைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் வேறொரு சிக்கலோடு வருகிறார்கள். வாடகை நின்றுவிட்டது, கம்பெனி போய்விட்டது, இரும்பு மட்டும் மாடியில் நிற்கிறது. அல்லது மகனுக்கு மேலே ஒரு மாடி கட்டவேண்டும், டவரை எடுக்கச் சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை. அதனால் இந்த வழிகாட்டி வாடகையைவிட வெளியேறும் வழியைப் பற்றித்தான் அதிகம் பேசும். முக்கால் பங்கு டவர், கடைசியில் சோலார்.

முதல் படி: வந்திருப்பவர் யார்?

டவர் எங்கே வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கம்பெனியின் ரேடியோ பொறியாளர். எந்தத் தெருவில் சிக்னல் குறைகிறது, எங்கே கூட்டம் அதிகம் என்று பார்த்து, வரைபடத்தில் ஒரு சிறு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் இருக்கும் நான்கைந்து மாடிகளைத் தேடி ஏஜென்ட் நேரில் வருவார். அதாவது, உண்மையான கம்பெனிதான் உங்களைத் தேடி வரும். விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் விண்ணப்பித்து டவர் வாங்குவது என்பது நடைமுறையில் கிடையாது.

"உங்கள் மாடியில் 5ஜி டவர், 30 லட்சம் அட்வான்ஸ், வீட்டில் ஒருவருக்கு வேலை" என்று குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி. பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் முத்திரை போட்ட தடையில்லாச் சான்று என்று ஒரு காகிதமும் வரும். டிராய் அப்படி எந்தச் சான்றும் தருவதில்லை, டவர் வைப்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை என்று அந்த ஆணையமே பலமுறை அறிவித்திருக்கிறது. ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வியாபாரத்தில் பணம் கம்பெனியிடமிருந்து உங்களுக்குத்தான் வரவேண்டும். ஒரு ரூபாய் எதிர்த்திசையில் போகச் சொன்னாலும் பேச்சை நிறுத்துங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே 1930 சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நேரில் வந்தவரிடமும், அவர் எந்தக் கம்பெனிக்காக வருகிறார் என்று எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் அது ஜியோ, ஏர்டெல் போன்ற சேவை நிறுவனமாக இருக்காது. டவரைக் கட்டி அவர்களுக்கு வாடகைக்கு விடும் இன்டஸ் டவர்ஸ் போன்ற டவர் கம்பெனியாக இருக்கும். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும். உங்களோடு கையெழுத்துப் போடுவது டவர் கம்பெனி. அதற்குப் பணம் வருவது சேவை நிறுவனத்திடமிருந்து. அந்த வரவு நின்றால் உங்கள் வாடகையும் ஆட்டம் காணும். டவர் கம்பெனி மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பதிவு பெற்றதா என்பதை அத்துறையின் இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: மாடி தாங்குமா?

மாடியில் வருவது இரண்டு வகை. மூன்று முதல் ஒன்பது மீட்டர் வரையிலான தனித்தனிக் கம்பங்கள் ஒரு வகை. நான்கு கால் கொண்ட முழு இரும்புக் கோபுரம் இன்னொரு வகை. கம்பத்தின் பாரம் குறைவு. கோபுரத்தின் எடையும், அதைவிட முக்கியமாகக் காற்று தள்ளும் விசையும், நேராகத் தூண்கள் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்கவேண்டும். ஸ்லாப்பின் நடுவில் கால் ஊன்றக் கூடாது. ஏற்கெனவே உள்ள தூணின் தலையிலிருந்து குட்டித் தூண் எழுப்பி அதன்மேல்தான் வைக்கவேண்டும். தூணே இல்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடுகளும், மரச்சட்டமும் செங்கல்லும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் கூரைகளும் கோபுரத்துக்கு ஏற்றவை அல்ல. வாடகை எவ்வளவு என்றாலும் மறுத்துவிடுங்கள்.

கம்பெனி ஒரு கட்டட உறுதிச் சான்று கொண்டுவரும். உள்ளாட்சிக்குக் கொடுக்க அது அவர்களுக்குத் தேவை. சில சமயம் அது ஒற்றைப் பக்கக் காகிதமாக, உங்கள் வீட்டைப் பார்க்காமலே எழுதியதாக இருக்கும். எந்தத் தூணில் எவ்வளவு பாரம், தூண் கம்பி எத்தனை, கான்கிரீட்டின் வலிமையை எப்படிச் சோதித்தார்கள் என்று கணக்கோடு கூடிய அறிக்கையைக் கேளுங்கள். அதை உங்கள் சொந்தச் செலவில் வேறொரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். இந்த முழு விவகாரத்திலும் நீங்கள் கைக்காசு போடவேண்டிய ஒரே நல்ல செலவு இது.

அடுத்தது ஒழுகல். நம் ஊர் மாடிகளில் ஸ்லாப்பின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு தட்டோடு பதித்திருப்போம். அந்தப் பூச்சைத் துளைத்து போல்ட் இறக்கினால் நீர் நேராக ஸ்லாப்புக்குப் போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், குட்டித் தூணுக்கு நேர் கீழே, விட்டமும் சுவரும் சேரும் இடத்தில் ஈரமும் உப்புப் பூத்த வெள்ளைத் திட்டும் தெரியும். அதனால் வேலை தொடங்குமுன் மாடியில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்து, கீழே கசிவு இல்லை என்று கம்பெனி ஆளின் கையெழுத்தோடு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதையே மறுபடி செய்யுங்கள். பிறகு கசிவு வந்தால் யார் பொறுப்பு என்று வாதாடவேண்டியதில்லை.

கதிர்வீச்சு பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் அமலில் உள்ள அளவு, சர்வதேச வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு. ஆன்டெனா முன்பக்கமாகப் பரப்பும். நேர் கீழே உள்ள வீட்டைவிட எதிரில் அதே உயரத்தில் இருக்கும் வீட்டுக்கே அதிகம் போகும். ஆகவே அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பை அலட்சியம் செய்யாதீர்கள், முன்கூட்டியே பேசுங்கள். tarangsanchar.gov.in தளத்தில் ஒவ்வொரு டவரின் விவரத்தையும் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டி அளவீடு செய்யக் கேட்கவும் முடியும்.

மூன்றாம் படி: உங்களுக்கு விட உரிமை இருக்கிறதா?

அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி பொதுவான இடம். மேல்தளத்துக்காரரோ சங்கச் செயலாளரோ தனியாகக் கையெழுத்திட முடியாது. பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். கூட்டுச் சொத்து என்றால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திடவேண்டும். வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் கட்டாயம். அடமானத்தில் உள்ள கட்டடத்தை, வங்கியோடு வேறு ஏற்பாடு இல்லாதபோது, மூன்று ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அடமானம் வைத்தவருக்குச் சட்டம் அதிகாரம் தருவதில்லை. டவர் ஒப்பந்தமோ பத்து, பதினைந்து வருடம்.

நான்காம் படி: வாடகையைக் கணக்குப் போடுவது

வாடகைக்கு அரசு விகிதம் எதுவும் இல்லை. அந்த வட்டத்துக்குள் உங்களுக்குப் போட்டியாக எத்தனை மாடி இருக்கிறது என்பதைப் பொறுத்தே பேரம். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் இரண்டு மாடி வீடு வைத்திருக்கும் ஒருவருக்குப் பதினைந்து வருட ஒப்பந்தம் வருகிறது. முதல் ஏற்பாட்டில் மாதம் 15,000, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு. அவர் பேரம் பேசியதும், மாதம் 14,000 தருகிறோம், ஆனால் ஒவ்வொரு வருடமும் 5 சதவீதம் ஏற்றுகிறோம் என்று இரண்டாவது ஏற்பாடு வருகிறது.

முதலாவதில் வாடகை 15,000, 17,250, 19,837, 22,813, 26,235 என்று ஐந்து கட்டமாக ஏறும். பதினைந்து வருடத்தில் மொத்தம் ஏறத்தாழ 36.4 லட்சம். இரண்டாவதில் மொத்தம் ஏறத்தாழ 36.25 லட்சம். ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதல் ஏற்பாட்டில் பணம் முன்னாலேயே வருகிறது. டவர் பாதியில் போகக்கூடிய தொழிலில், முன்னால் வரும் பணமே உறுதியான பணம். அவர் முதலாவதை எடுத்துக்கொண்டு, 15,000 ரூபாய்க்கே வருடம் 5 சதவீதம் கேட்டிருந்தால் மொத்தம் 38.8 லட்சம் ஆகியிருக்கும். பேரம் பேசவேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு வரவும் உண்டு, பலர் கேட்காமல் விடுவது. ஒரே கோபுரத்தில் இரண்டாவது, மூன்றாவது சேவை நிறுவனம் சேர்ந்தால் டவர் கம்பெனிக்கு வருமானம் கூடுகிறது. உங்கள் மாடிக்கோ பாரமும் ஜெனரேட்டர் சத்தமும் கூடுகிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை ரூபாய் கூடுதல் வாடகை, புதிதாகப் பாரம் ஏற்றுமுன் புதிய உறுதி அறிக்கை என்று எழுதுங்கள்.

சில வருடம் கழித்து, "வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டவரை மாற்றிவிடுவோம்" என்று கடிதம் வருவதுண்டு. பதற்றப்படவேண்டாம். டவரை மாற்றுவது அவர்களுக்கும் பெரிய செலவு. அதில் கையெழுத்திட்டால் பழைய உயர்வு விகிதமும் அதோடு போய்விடலாம் என்பதால், முழுதாகப் படிக்காமல் எதையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஐந்தாம் படி: காலமும் வெளியேறும் வழியும்

கம்பெனி தரும் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: காலம் பதினைந்து அல்லது இருபது வருடம். கம்பெனி முப்பது அல்லது அறுபது நாள் நோட்டீஸில் விலகலாம். வீட்டுக்காரர் அந்தக் காலம் முழுதும் விலக முடியாது. இந்த வாசகத்தை அப்படியே ஒப்புக்கொண்டால், பதினைந்து வருட வருமானம் உறுதி என்று நீங்கள் நம்புவது உண்மையில் இரண்டு மாத உறுதி மட்டுமே. கட்டுப்பட்டிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் நடவடிக்கைக்குப் போனபோது தமிழ்நாட்டில் ஏராளமான வீட்டுக்காரர்கள் இதை நேரில் அனுபவித்தார்கள். வாடகை நின்றது. திவால் சட்டப்படி நடவடிக்கை தொடங்கியதும் தடைக்காலம் வரும். அந்தக் காலத்தில் பழைய பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. திவாலான கம்பெனியின் வசம் உள்ள இடத்தை உரிமையாளர் மீட்கவும் முடியாது. பாக்கிக்காக "படிவம் பி" நிரப்பி, செயல்பாட்டுக் கடன் கொடுத்தவராக வரிசையில் நிற்கவேண்டும். வங்கிகளுக்குப் பிறகு அந்த வரிசையில் மிஞ்சுவது சொற்பம். சேவை நிறுவனம் போனதால் வரவு இழந்த டவர் கம்பெனிகளும் பல இடங்களில் வாடகையை நிறுத்தின.

டவரைப் பிடித்துவைத்துக்கொண்டு பாக்கியை வசூலித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சொத்தின் மேல் நிறுவப்பட்ட தொலைத்தொடர்பு அமைப்பு அந்தச் சொத்தின் பகுதி ஆகாது, சொத்து தொடர்பான உரிமைக்கோரல்கள் அதைக் கட்டுப்படுத்தாது என்கிறது. மின்சாரத்தைத் துண்டிப்பதும் கேபிளை வெட்டுவதும் வழக்கை உங்கள் பக்கமே திருப்பிவிடும். ஆகவே இரும்பை நம்பாதீர்கள், ரொக்கத்தை நம்புங்கள். குறைந்தது ஆறு மாத வாடகையை வட்டியில்லா வைப்புத்தொகையாக வாங்குங்கள். டவரை அகற்றி மாடியைப் பழையபடி செய்து கொடுத்த பிறகே அதைத் திருப்பித் தருவேன் என்று எழுதுங்கள். கோபுரத்தைக் கழற்றி இறக்கி தட்டோடு பதிக்க என்ன செலவாகும் என்று உங்கள் இன்ஜினீயரிடம் கேட்டு, வைப்புத்தொகை அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

இதோடு நான்கு வாசகங்களை உங்கள் வக்கீலை வைத்துச் சேர்த்துவிடுங்கள். முதலாவது, கம்பெனிக்கும் விலகாக் காலம்: முதல் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குள் போனால் மீதி வாடகையைத் தரவேண்டும். இரண்டாவது, உங்களுக்கும் வழி: இரண்டு மாத வாடகை பாக்கி என்றாலோ, மேலே கட்ட அனுமதி பெற்றுவிட்டாலோ, கட்டடம் ஆபத்தில் என்று இன்ஜினீயர் சொன்னாலோ, ஆறு மாத நோட்டீஸில் முடிக்கலாம். இதில் மேல்மாடி விஷயத்தில் கம்பெனி மிகவும் தயங்கும். ஒப்புக்கொள்ள மறுத்தால், அந்த மாடியைப் பதினைந்து வருடத்துக்கு மறந்துவிட முடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். மூன்றாவது, முடிந்த பிறகு அறுபது நாளில் அகற்றவேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் இரட்டை வாடகை. நான்காவது, கம்பெனி கைமாறினால் எழுத்தில் தகவல், பழைய பாக்கிக்குப் புதியவரும் பொறுப்பு. டவர் கம்பெனிகள் கைமாறுவது சாதாரணம்; பாரதி இன்ஃப்ராடெல் 2020இல் இன்டஸோடு இணைந்தது, ஏடிசி இந்தியா 2024இல் புரூக்ஃபீல்டு வசம் போனது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டவர் நிற்கும் இடத்தை அளவோடு படம் வரைந்து ஒப்பந்தத்தில் இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் "மொட்டை மாடி" என்ற ஒரு சொல்லில் முழு மாடியும் போய்விடும், துணி காயப்போடவும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகவும் கேட்டு நிற்கவேண்டிவரும். மின் இணைப்பு கம்பெனி பெயரில் தனி மீட்டராக இருக்கட்டும். வீட்டு இணைப்பிலிருந்து கொடுத்தால் வர்த்தகப் பயன்பாடு என்று அபராதம் உங்களுக்கே வரும். வர்தா, கஜா போன்ற புயலில் ஏதாவது பெயர்ந்து பக்கத்து வீட்டில் விழுந்தால் கம்பெனியே பொறுப்பு, அதற்கான இன்சூரன்ஸ் நகல் ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு வரவேண்டும். வழக்கு நடக்கும் இடம் டெல்லி, குருகிராம் என்று வரைவில் இருந்தால் உங்கள் மாவட்டம் என்று மாற்றுங்கள். இதை மாற்றாவிட்டால் மேலே சேர்த்த வாசகங்களால் பயனில்லை, பதினைந்தாயிரம் ரூபாய் பாக்கிக்கு டெல்லி போய் யார் வழக்காடுவார்கள்?

ஆறாம் படி: பதிவும் வரியும்

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும். உரிம ஒப்பந்தம் என்று பெயர் வைத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிப் போகும் வழக்கம் உண்டு. பதிவில்லாத குத்தகையின் வாசகங்களை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டுவது கடினம். நீங்கள் போராடிச் சேர்த்த வைப்புத்தொகையும் இரட்டை வாடகையும் அதோடு பலவீனமாகும். தமிழ்நாட்டில் முப்பது வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 1 சதவீதம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 36,000 ரூபாய் அளவில் வரும், பதிவுக் கட்டணம் தனி. இரண்டையும் கம்பெனி ஏற்கவேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பதிவானதும் அது வில்லங்கச் சான்றில் வரும். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவர் அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

2025 ஏப்ரல் முதல், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் கம்பெனி 10 சதவீத டிடிஎஸ் பிடிக்கும். அதற்குக் குறைந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டும். மாடி வாடகையை வீட்டுச் சொத்து வருமானமாக ஏற்று 30 சதவீதக் கழிவை அனுமதித்த தீர்ப்புகள் உள்ளன, உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். உங்கள் மொத்த வியாபார வரவு வருடம் 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளருக்கான வாடகை ஜிஎஸ்டியைப் பதிவு பெற்ற வாடகைதாரரே கட்டவேண்டும். அதை உங்கள் வாடகையில் கழிக்க விடாதீர்கள்.

சோலார் கம்பெனி கேட்டால்

சோலாரில் கணக்கு முற்றிலும் வேறு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி வேண்டும். ஐந்நூறு சதுர அடி மாடியில் ஐந்து கிலோவாட். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்றால் மொத்தம் இருபது யூனிட், மாதம் அறுநூறு. யூனிட் நான்கு ரூபாய்க்கு விற்றாலும் 2,400 ரூபாய்தான் கம்பெனியின் மொத்த வரவு. அதிலிருந்து பேனல் கடனும் பராமரிப்பும் போகவேண்டும். அப்படியிருக்க வீட்டு மாடிக்கு மாதம் 20,000 வாடகை தருகிறோம் என்பவர் எங்கிருந்து தருவார்? அதுவும் டவர் மோசடியின் இன்னொரு வடிவம்தான். வீட்டு மாடியில் நல்ல வெயில் விழுந்தால், பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்தோடு நீங்களே போட்டுக்கொள்வதே லாபம்.

உண்மையான சோலார் குத்தகை பெரிய கூரைகளுக்குத்தான் வரும்: தொழிற்சாலை ஷெட், கல்லூரி, குளிர்பதனக் கிடங்கு. அங்கும் பெரும்பாலும் வாடகை தருவதில்லை. கம்பெனி தன் செலவில் பேனல் போட்டு, மின்வாரிய விலையைவிடக் குறைத்து உங்களுக்கே இருபத்தைந்து வருடம் மின்சாரம் விற்கும். அதில் பார்க்கவேண்டியவை மூன்று. ஷெட்டின் கூரைத் தகடு இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? பத்தாம் வருடம் தகடு மாற்றவேண்டி வந்தால் பேனலைக் கழற்றி மறுபடி மாட்டும் செலவு யாருடையது? தொழில் குறைந்து மின்சாரம் தேவைப்படாத மாதங்களிலும் குறைந்தபட்சத் தொகை கட்டவேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று வரைவு சொன்னால், ஷெட்டை விற்கவோ மூடவோ நேரும்போது பேனலை நீங்கள் வாங்கவேண்டிய விலை ஒவ்வொரு வருடத்துக்கும் எவ்வளவு என்ற அட்டவணை பெரும்பாலும் அதே ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த அட்டவணையை உங்கள் ஆடிட்டரின் மேசையில் வையுங்கள்.